"ஏன் எடுக்கல?" என்பது கேள்வியே இல்லை

ரொம்ப நாளைக்குப் பிறகு நீளமாக எழுதுகிறேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது தி.நகரில் இருக்கிறாள், ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறாள். காபி ஆறிக்கொண்டிருக்க, போனை என் கையில் கொடுத்து, "டீச்சர், இதைப் படிச்சுப் பாருங்க, அனுப்பலாமா?" என்றாள். இரவு பதினொன்றரை மணிக்கு அவள் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்திருக்கிறார். தலையில் அடி. 108-ஐக் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் புத்தி இருந்ததே, அதற்கு முதலில் அவளைப் பாராட்டினேன். ஆனால் தூங்குகிற குழந்தையை யாரிடம் விடுவது? அடுத்த தெருவில் இருக்கிற சிநேகிதிக்கு நான்கு முறை போன் போட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாளாம். வீட்டுக்காரருக்கு ஆறு தையல், இப்போது தேறிவிட்டார். மனசுதான் தேறவில்லை.

அவள் எழுதி வைத்திருந்த மெசேஜ் இப்படித் தொடங்கியது: "உங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப மூணு நாள் நான்தான் சாப்பாடு கொண்டுவந்தேன். நீ ஒரு போனைக்கூட எடுக்கல. ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அனுப்பாதே என்றேன். "அப்போ கேட்கவே கூடாதா டீச்சர்?" என்று கோபப்பட்டாள். கேட்க வேண்டும், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் நீ எழுதியிருப்பது கேள்வி இல்லையம்மா என்றேன். அவளுக்கு நான் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். உறவுகளில் சிலருக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதி தெரியாது.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அந்த நாளை சென்னையில் யாரும் மறக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். நாங்கள் அப்போது கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்கு ரொம்பப் பக்கத்தில், தரைத்தள வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு வயது 84, எழுந்து நடக்க முடியாது.

நள்ளிரவு தாண்டித் தண்ணீர் வாசற்படி ஏறியது. கரண்ட் போய்விட்டது. பன்னிரண்டே முக்கால் இருக்கும், மயிலாப்பூரில் லஸ் பக்கம் இருக்கிற என் சிநேகிதிக்குப் போன் செய்தேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பழக்கம். அவர்கள் வீடு இரண்டாவது மாடி. அவள் வீட்டுக்காரரிடம் கார் உண்டு. முழு ரிங்கும் போனது, எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை. அதற்கும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை போடும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மாடிவீட்டுப் பையன்களைக் கத்திக் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்து அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். அதன்பின் ஒன்றரை நாள் மொட்டைமாடியும் முதல் மாடியும்தான். பிறகு படகு வந்தது.

அம்மா பிழைத்துவிட்டார். ஆனால் அடுத்த ஒரு மாதம் இரண்டு மூன்று தடவை கேட்டார்: "உன் ஃபிரண்டு வருவான்னு சொன்னியே, அவ ஏன் வரல?"

ஜனவரியில் பொறுக்க முடியாமல் போனிலேயே கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ராத்திரி மூணு தடவை கூப்பிட்டேனே, ஏன் எடுக்கல?"

"சார்ஜ் இல்லடி. போன் ஆஃப் ஆயிடுச்சு" என்றாள்.

சரி என்று வைத்துவிட்டேன். ஆனால் பொய் என்று தெரியும். ஆஃப் ஆன போனுக்கு ரிங் போகாது, சுவிட்ச் ஆஃப் என்று பதிவுக்குரல்தான் வரும். நான் மூன்று தடவையும் முழு ரிங் கேட்டேன். அன்றிலிருந்து இரண்டு மாதம் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. எடுக்காதது ஒரு குற்றம், பொய் சொன்னது இன்னொரு குற்றம் என்று மனசுக்குள் கணக்கு எழுதிக்கொண்டேன்.

இந்தக் கணக்கைக் கலைத்தது தி.நகரில் இருக்கிற என் அத்தை பெண். பிப்ரவரியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு ஒன்பது மணிலேர்ந்து ஆறு தடவை கூப்பிட்டேன் அண்ணி. அப்புறம் லைனே கிடைக்கல. ரெண்டு நாள் தூங்கல. அன்னிக்கு அங்க என்ன ஆச்சு, சொல்லுங்க" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த ஆறு அழைப்பையும் நான் பார்த்தேன். சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் எடுத்தால் அரைமணி நேரம் பேசுவாளே என்றுதான் எடுக்கவில்லை. அதையும் சேர்த்து அவளிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அவள் "ஏன் எடுக்கல" என்று கேட்டிருந்தால் "சிக்னல் இல்ல" என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். "என்ன ஆச்சு" என்று கேட்டதால் நடந்ததெல்லாம் வரிசையாக வந்தது.

உங்களில் பலருக்கு இந்த இடத்தில் பழைய வகுப்பு ஞாபகம் வரவேண்டும். நன்னூலில் வினா ஆறு வகை. முதல் இரண்டும் அறிவினா, அறியாவினா. விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. வாத்தியார் கையில் பிரம்போடு பையனிடம் கேட்கிற கேள்வி அது. விடை தெரியாமல் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது அறியாவினா. ஜனவரியில் நான் கேட்டது அறியாவினா மாதிரி வேஷம் போட்ட அறிவினா. விடையை நானே எழுதி வைத்திருந்தேன்: "உனக்கு என் மேல் அக்கறை இல்லை." அவள் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எந்த மாணவிதான் அப்படிக் கையெழுத்துப் போடுவாள்? சார்ஜ் இல்லை என்றுதான் சொல்வாள்.

விடை எட்டு வகை. அதில் "உற்றது உரைத்தல்" என்று ஒன்று. விளையாட வருகிறாயா என்றால், வரவில்லை என்று சொல்லாமல் "கால் வலிக்கிறது" என்று தனக்கு நேர்ந்ததைச் சொல்வது. நமக்கு வேண்டியது அந்த விடைதான். "ஏன்" என்று கேட்டால் அது வராது. "ஏன்" என்ற சொல்லிலேயே "நீ தெரிந்தே செய்தாய்" என்ற முடிவு உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சமாதானம்தான் பதிலாக வரும். "என்ன ஆச்சு" என்பதில் செய்தவர் என்று யாருமே இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது. மேலும் கோபமாகக் கேட்டால் இன்னொரு வகை விடை வரும், வினா எதிர் வினாதல்: "நீ மட்டும் என் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு வந்தியா?" பவணந்தியார் இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் இதுதான் அதிகம்.

மார்ச்சில், கபாலி கோயில் பங்குனித் திருவிழாவுக்கு முந்தின வாரம், நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு அவளைக் கூப்பிட்டேன். திருவிழாவில் கேட்கக்கூடாது என்று முன்னாலேயே முடிவு செய்தேன். கூட்டத்தில் கேட்டால் முகம் காப்பாற்றிக்கொள்ளத்தான் தோன்றும். போனிலும் வேண்டாம், எழுத்திலும் வேண்டாம். எழுத்தில் குரல் இருக்காது, படிக்கிறவர் தன் பயத்தின் குரலில் அதைப் படித்துக்கொள்வார்.

அதற்கு முன் ஒரு காகிதத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எது என்று எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன். மணி இன்னது. ரிங் போனது. அவ்வளவுதான். மூன்றே வரி. அவள் போன் கையில் இருந்ததா, சைலண்டில் இருந்ததா, பார்த்தாளா, ஒன்றும் தெரியாது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு வரி எஸ்.எம்.எஸ். கூட அனுப்பவில்லை. அவள் போனில் இருந்தது என் பெயரும் நேரமும் மட்டும்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது எனக்குத்தான் தெரியும், அவள் போனுக்குத் தெரியாது.

(இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது திரையில் Calling என்று இருந்தால் அழைப்பு இன்னும் அந்தப் போனுக்குப் போய்ச் சேரவில்லை. Ringing என்று மாறினால் சேர்ந்துவிட்டது. ஆனால் சேர்ந்ததும் ஆள் கேட்டதும் ஒன்றல்ல. போன் சைலண்டில் இருந்தாலும் Do Not Disturb போட்டிருந்தாலும் நமக்கு ரிங் போவது மாதிரிதான் கேட்கும். அந்த அமைப்பில், ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டாவது அழைப்பு வந்தால் மணி அடிக்கவிடும் வசதி உண்டு. ஐபோனில் மூன்று நிமிஷத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிஷத்துக்குள். ஆகவே அவசரம் என்றால் விடாமல் உடனே இன்னொரு முறை போடுங்கள், கூடவே "அவசரம்" என்று ஒரு வரி என்ன விஷயம் என்பதோடு அனுப்புங்கள். ரிங் போனதை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் கூண்டில் ஏற்றாதீர்கள்.)

பூங்காவில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "டிசம்பர் ஒண்ணாம் தேதி ராத்திரி ஒரு மணி சுமாருக்கு மூணு தடவை உன்னைக் கூப்பிட்டேன். வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அம்மாவைத் தூக்க ஆள் இல்ல. உன் வீட்டுல அந்த நேரம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியணும். சொல்றியா?"

பிறகு வாயை மூடிக்கொண்டேன். இதுதான் கஷ்டம். நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பை அடக்குவது சுலபம், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது முடியாது. நடுவில் "பரவாயில்ல, உனக்கும் என்ன கஷ்டமோ" என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொண்டு "ஆமாண்டி கஷ்டம்தான்" என்று முடித்திருப்பாள். அவளுக்குச் சமாதானத்தை நானே எடுத்துக் கொடுப்பதும் ஒரு வகையில் விடை எழுதி வைப்பதுதான்.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள். "சார்ஜ் இருந்துச்சு. பார்த்தேன். கையில வச்சிட்டு உக்காந்திருந்தேன்."

அன்று சாயங்காலமே ஜாபர்கான்பேட்டையிலிருந்து அவள் நாத்தனார் குடும்பம் ஐந்து பேர் ஈரத்துணியோடு வந்துவிட்டார்கள். வீட்டில் மொத்தம் ஒன்பது பேர். குடிதண்ணீர் இரண்டு குடம். அவள் வீட்டுக்காரர் அவர்களைக் கூட்டிவரப் போன கார் வழியிலேயே என்ஜினில் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது. மனுஷன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். "இனிமே யாரையும் உள்ள சேர்க்க முடியாது" என்று வேறு சொல்லியிருக்கிறார். அப்போதுதான் என் போன். "எடுத்தா நீ ஏதாவது கேப்ப. முடியாதுன்னு சொல்லணும். உங்கிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. எடுக்காம இருந்தா சொல்ல வேண்டாமேன்னு இருந்துட்டேன்."

காலை ஏழு மணியிலிருந்து என்னை விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குள் எங்கள் பக்கம் டவரெல்லாம் செத்துவிட்டது. கரண்ட் இல்லாமல் போனால் டவரில் இருக்கிற பேட்டரியும் டீசலும் தீர்கிற வரைக்கும்தான் உயிர். லைன் கிடைக்காத போனில் அந்த அழைப்புகள் மிஸ்டு கால் என்றுகூடப் பதியாது. அவள் கூப்பிட்டது எனக்குத் தெரிய வழியே இல்லை. என் போனில் அவள் எடுக்காத மூன்று அழைப்புதான் இருந்தது. அதைத்தான் மூன்று மாதம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டு முடித்ததும் எனக்கு ஆறுதலாகவெல்லாம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை என்பது சுருக்கென்று குத்தியது. குற்றம் சாட்டாமல் கேட்பது என்றால் வலிக்கவில்லை என்று நடிப்பது இல்லை. இப்போது எனக்கு நடந்தது என்னவென்று தெரியும், இனி என் பக்கத்தைச் சொல்லலாம். சொன்னேன்: "'வர முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே மாடிப் பையன்களைக் கூப்பிட்டிருப்பேன். நீ வருவேன்னு இருபது நிமிஷம் காத்துட்டிருந்தேன். அந்த இருபது நிமிஷத்துலதான் தண்ணி ஏறுச்சு." அவள் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா" என்றாள். அந்த "ஆமா"வுக்குத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. ஜனவரியில் இது கிடைத்திருக்காது.

கார் வந்திருந்தாலும் அந்த நேரத்தில் ஆற்றைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்திருக்க முடியுமா என்று இப்போது யோசித்தால் சந்தேகம்தான். கோபத்தில் இருந்தவரை அந்தச் சந்தேகம் வரவே இல்லை.

அன்று பூங்காவிலேயே ஒன்று பேசிக்கொண்டோம். முடியாவிட்டாலும் போனை எடுத்து முடியாது என்று சொல்லிவிடுவது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று நாங்கள் அடையாறு வீட்டுக்கு மாறியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. தெருவில் தண்ணீர். கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்து, "என்னால வர முடியாது, ஆனா சொல்லு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அக்கா பையன் இந்திரா நகரில் இருக்கிறான், அவன் வாங்கிக்கொண்டு நடந்தே வந்து கொடுத்தான்.

எல்லோரிடமும் இப்படி முடியும் என்று சொல்லவில்லை. என் தம்பிக்கு ஒரு நண்பர் உண்டு. நான்கு அவசரத்தில் நான்கு தடவையும் எடுத்ததில்லை, ஒவ்வொரு தடவையும் அழகாகக் காரணம் சொல்வார். அங்கே கேட்க ஒன்றுமில்லை. அவரோடு காபி குடிக்கலாம், ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிடுகிற பட்டியலில் வைக்கக்கூடாது. கேள்வி, இதுவரை எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு தடவை எடுக்காமல் போனதைப் பற்றியது.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தப் பெண் போனை எடுத்து அழிக்கத் தொடங்கினாள். முதலில் அப்பா ஆஸ்பத்திரி சாப்பாடு போனது. அது போக மனசே இல்லை அவளுக்கு. "நிஜமாவே கொண்டுபோனேன் டீச்சர்" என்றாள். நிஜம்தான், ஆனால் அது வேறு நாளின் கணக்கு, இந்த இரவோடு சேர்த்தால் கடன் வசூல் ஆகிவிடும் என்றேன். "ஒரு போனைக்கூட" என்பதில் இருக்கிற "கூட" போனது. "தெரிஞ்சுக்கலாமா" போனது, அதில் இருக்கிற மரியாதை ஊசி மாதிரி. கடைசியில் மிஞ்சியது: "செவ்வாய்க்கிழமை ராத்திரி நாலு தடவை கூப்பிட்டேன். அவர் வண்டியிலேர்ந்து விழுந்துட்டார், இப்ப பரவாயில்ல. பாப்பாவை உங்கிட்ட விடலாம்னு நினைச்சேன். உன்னைப் பார்த்துப் பேசணும். எப்ப வரலாம்?"

என்ன ஆச்சு என்ற கேள்வியை நேரில் கேட்பதற்காக விட்டுவைத்தோம். என் முன்னாலேயே அனுப்பினாள். இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. "பாருங்க டீச்சர், பார்த்துட்டுப் பேசாம இருக்கா" என்று மறுபடி ஆரம்பித்தாள். காபியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். சிநேகிதி போன் பண்ணி அழுதிருக்கிறாள், காரணம் ஒன்றும் சொல்லவில்லையாம், நேரில்தான் சொல்வேன் என்றிருக்கிறாள். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நடேசன் பூங்காவில் பார்க்கிறார்கள். பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். பழைய கதைப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.